9ஆம் வகுப்பு பசங்க பொண்ணுங்க சேர்ந்து டச் ரக்பி: பந்து பின்னாடி போகவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

கிரவுண்ட்_சார்

வணக்கம். ஒரு உதவி பெறும் ஸ்கூல்ல பி.டி. வாத்தியார். இந்த டெர்ம் கபடி, கோ-கோ, த்ரோபால் தாண்டி ஏதாவது புதுசா பண்ணலாம்னு 9பிக்கு டச் ரக்பி ஆரம்பிச்சேன். 44 பேர், 24 பசங்க 20 பொண்ணுங்க. வாரத்துக்கு ரெண்டு பீரியட், ஒண்ணு 40 நிமிஷம்னு பேரு, தண்ணி குடிச்சு வந்து லைன்ல நிக்கறதுக்குள்ள 7 நிமிஷம் போயிடும். ரக்பி பந்து 5 இருக்கு. மொத்தம் 8 பீரியட் ஒதுக்கியிருக்கேன், மூணு முடிஞ்சிருச்சு, நிலைமை மோசம்.

ஒண்ணு, பந்த முன்னாடி தான் போடறாங்க. பின்னாடி தான் பாஸ் பண்ணணும்னு நூறு தடவ சொல்லியாச்சு, கேட்டா ஒப்பிக்கறாங்க, பந்து கைக்கு வந்ததும் முன்னாடி ஓடற ஃப்ரெண்டுக்கு எறிஞ்சுடறாங்க. ரெண்டு, பந்து எங்கயோ அங்கயே மொத்த கிளாசும், ஈ மொய்க்கற மாதிரி. மூணாவது தான் பயமா இருக்கு, போன வாரம் ரெண்டு பேர் நேருக்கு நேர் மோதி ஒருத்தனுக்கு உதடு கிழிஞ்சு போச்சு. அதுக்கு மேல ஒரு பொண்ணு "தொட்டாங்க"ன்னு வீட்ல சொல்லி அவங்கம்மா வந்து எச்.எம். ரூம்ல உக்காந்துட்டாங்க. அந்தப் பையன் வேணும்னு எதுவும் பண்ணல, ஆனா எங்க தொடணும்னு நான் தெளிவா சொல்லல, அது என் தப்பு தான்.

விளையாட்ட நிறுத்திடவா, இல்ல வழி இருக்கா?

கபடிகாளை

சார் இதுல என்ன கஷ்டம், முன்னாடி போட்டா விசில், பந்து அடுத்த டீமுக்கு. பத்து விசில் அடிச்சா பதினோராவது தடவ தானா பின்னாடி போடுவான். நான் கபடில லைன் கிராஸ் பண்றத அப்படித்தான் திருத்தினேன்.

மீனா_அம்மா

என் பையன் 7ஆவது படிக்கிறான், அவனும் ரக்பி சேரணும்னு அடம். மௌத்கார்டு, ஹெல்மெட் எல்லாம் எங்க வாங்கறது? டிவில பாத்தா ஒருத்தன் மேல ஒருத்தன் விழறாங்க, பல்லு போயிடாதா?

தென்னமரத்தடி

மீனா அம்மா, நீங்க பாத்தது டேக்கிள் ரக்பி. இது டச், இதுல இழுக்கவோ தள்ளவோ கூடாது, கையால தொட்டா ஆட்டம் நின்னு மறுபடி ஆரம்பிக்கும். ஹெல்மெட் எல்லாம் வேண்டாம்.

கிரவுண்ட் சார், நான் 11 வருஷமா இத ஸ்கூல்ல நடத்தறேன், அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் கிளப்ல ஆடினேன். கபடிகாளை சொல்ற விசில் வைத்தியம் நான் முதல் வருஷம் பண்ணேன். என்ன ஆச்சுன்னா பசங்க பாஸ் பண்றதையே விட்டுட்டாங்க, பந்த கட்டிப்பிடிச்சுட்டு தொடற வரைக்கும் ஓடறது, அவ்வளவுதான். விசிலுக்கு பயந்தவன் பாஸ் பண்ணல, பாஸ் கத்துக்கவும் இல்ல.

முன்னாடி பாஸ் போறது பந்து வச்சிருக்கறவன் தப்பே இல்ல. அவன் திரும்பிப் பாத்தா பின்னாடி யாருமே இல்ல! எல்லாரும் ஃபுட்பால், பாஸ்கெட்பால் பழக்கத்துல அவனத் தாண்டி முன்னாடி ஓடிப் போய் கைய நீட்டறாங்க. அவன் யாருக்கு தான் போடுவான்? அதனால நான் தப்ப வாங்கறவன் கணக்குல எழுதுவேன். முன்னாடி பாஸ் போச்சுன்னா போட்டவன ஒண்ணும் சொல்ல மாட்டேன், வாங்கினவன் தான் ஓடிப் போய் எல்லைக்கோட்டத் தொட்டுட்டு வரணும். இத மட்டும் மாத்துங்க, ஒரே பீரியட்ல வித்தியாசம் தெரியும்.

ஆட்டத்துக்கு முன்னாடி படிக்கட்டு நடை. நாலு பேர் பக்கத்துல பக்கத்துல, ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் ரெண்டு எட்டு பின்தங்கி, மாடிப்படி மாதிரி. நடந்துக்கிட்டே ரெண்டு கையால இடுப்பு உயரத்துல பந்த குறுக்கா ஊஞ்சல் ஆட்டற மாதிரி விடணும், விட்டு முடிச்சதும் ரெண்டு கையும் வாங்கறவன் நெஞ்சப் பாத்து நீட்டியிருக்கணும். டிவில வர்ற சுழல் பாஸ் எல்லாம் வேண்டாம், அதுக்கு ஆசப்பட்டா ஒரு மாசம் போயிடும். பந்து பத்தலன்னா நடைக்கு த்ரோபால் பந்தே போதும். முக்கியமா வாங்கறவன் வாயத் திறக்கணும், "வலது!" "இடது!" இப்படி. போடறவன் முன்னாடி பாத்து ஓடறான், அவனுக்கு முதுகுல கண்ணு கிடையாது, பின்னாடி இருக்கறவன் குரல் தான் அவனுக்குக் கண்ணு.

கிரவுண்ட்_சார்

தென்னமரத்தடி சார் ரொம்ப நன்றி. நேத்து அந்த படிக்கட்டு நடை பண்ணேன், நடக்கும்போது அழகா போகுது. ஆட்டம்னு விட்டதும் வேற பிரச்சின, இப்ப பின்னாடியே போடறாங்க போடறாங்க போட்டுக்கிட்டே இருக்காங்க, கடைசில எங்க ஆரம்பிச்சாங்களோ அதுக்கும் பின்னாடி போய் நிக்கறாங்க.

தென்னமரத்தடி

ஹாஹா, அடுத்த வியாதி அதுதான், சரியான பாதைல தான் போறீங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒவ்வொருத்தனும் 2 மீட்டர் பின்னாடி நிக்கறான், பந்து வந்ததும் உடனே அடுத்தவனுக்கு விட்டுடறான்னா மூணு பாஸுக்கு 6 மீட்டர் நஷ்டம். அதே மூணு பேரும் பந்து வாங்கி 4 மீட்டர் நேரா முன்னாடி ஓடிட்டு அப்புறம் விட்டா ஒவ்வொரு பாஸுக்கும் 2 மீட்டர் லாபம், மொத்தம் 6 மீட்டர் முன்னேற்றம். தரைல சுண்ணாம்புல கோடு போட்டு ரெண்டு மாதிரியும் நடந்து காட்டுங்க, வாய்ல சொன்னா ஏறாது.

எப்ப விடணும்கறதுக்கு நான் சொல்றது "ஆள இழு, அப்புறம் குடு". எதிர்ல தடுக்கறவன் உன்னையே பாத்து உன் பக்கம் ஒரு எட்டு வச்சுட்டான்னா அவன் பக்கத்துல இடம் திறந்துடுச்சு, அப்பத்தான் விடணும். அவன் 10 மீட்டர் தள்ளி நிக்கும்போதே விட்டா அவன் நிதானமா அடுத்தவன்கிட்ட நடந்து போயிடுவான். தொட்ட அப்புறம் விட்டாலும் செல்லாது. இதுக்கு ரெண்டு பேருக்கு ஒரு தடுப்பாளர், 10 மீட்டர் நீளம் 6 மீட்டர் அகலக் கட்டத்துல, ஆளுக்கு ஆறு ஏழு முயற்சி.

நியூட்டன்_வாத்தி

நான் பிசிக்ஸ். ஒரு சந்தேகத்த கிளப்பிட்டுப் போறேன். ஓடற பையன் செகண்டுக்கு 5 மீட்டர் வேகத்துல போறான், பந்த பின்னாடி 3 மீட்டர் வேகத்துல தான் தள்றான்னா தரைல இருந்து பாக்கறவனுக்கு பந்து 2 மீட்டர் வேகத்துல முன்னாடி தான் போகும். அரை செகண்ட் காத்துல இருந்தா விட்ட இடத்த விட 1 மீட்டர் முன்னாடி விழும். ஆனா அதுக்குள்ள அவன் ரெண்டரை மீட்டர் ஓடியிருப்பான், அவன் பார்வைல பந்து பின்னாடி தான். அப்ப ஃபவுலா இல்லையா?

கபடிகாளை

ஃபவுல் தான். விட்ட இடத்துல ஒரு கோடு, பிடிச்ச இடத்துல ஒரு கோடு, பிடிச்ச கோடு முன்னாடி இருந்தா ஃபவுல். இதுல என்ன பிசிக்ஸ்?

தென்னமரத்தடி

அப்படி இல்ல நண்பா. பெரிய ரக்பில ரெஃப்ரி பாக்கறது கை எந்தப் பக்கம் தள்ளுச்சுங்கறத, தரைக் கோட்ட இல்ல. கை பின்னாடி போச்சுன்னா பந்து ஓட்ட வேகத்துல கொஞ்சம் முன்னாடி மிதந்தாலும் ஆட்டம் தொடரும். நீங்க சொல்ற கோட்டுக் கணக்கு வச்சா வேகமா ஓடற பிள்ளை தான் தண்டனை வாங்கும், மெதுவா நடக்கறவன் தப்பிப்பான். ஒரு தொல்லை இருக்கு, பாஸ் விட்டதும் பையன் டக்குன்னு பிரேக் போட்டு நின்னுட்டான்னா பந்து அவனத் தாண்டிப் போற மாதிரி தெரியும், சுத்தி நிக்கறவங்க எல்லாம் "முன்னாடி முன்னாடி"ன்னு கத்துவாங்க. கிளாஸ்ல ரெஃப்ரியா நிக்கறதும் பிள்ளைங்க தான், அவங்களுக்கு "கையப் பாரு, பந்தப் பாக்காத"ன்னு சொல்லி விட்டுடுங்க.

நியூட்டன்_வாத்தி

அப்ப நான் பாஸ் 😄 ஆனா 14 வயசு ரெஃப்ரி அத கண்ணால பிடிப்பானான்னு எனக்கு சந்தேகம் தான்.

ஜெயந்தி_பிடி

யாரும் மூணாவது கேள்விக்கு வரவே இல்லையே, அந்த அம்மா எச்.எம். ரூம்ல உக்காந்தது தான் நாளைக்கு விளையாட்டையே நிப்பாட்டும். நான் சொல்லுதேன், எங்க ஸ்கூல்ல நாலு வருஷமா கலந்து தான் ஆடுதோம்.

முதல் நாள் பந்தே எடுக்கக் கூடாது. தோள்பட்டைல இருந்து முழங்கை வரைக்கும், அப்புறம் முதுகுல தோள் எலும்பு இருக்கற இடம், இந்த ரெண்டு இடத்துல மட்டும் தான் தொடணும், அதுவும் விரல விறைச்சு குத்தாம உள்ளங்கைய விரிச்சு வச்சு. வேற எங்க பட்டாலும் அது டச்சே கிடையாது, ஆட்டம் அங்கனயே நிக்கும், பந்து வச்சிருந்த டீமுக்கே திரும்பப் போகும். இத நானும் ஒரு பொண்ணும் பண்ணிக் காட்டுவேன், அப்புறம் பொண்ணுங்களுக்குள்ள, பசங்களுக்குள்ள, கடைசில தான் கலந்து, எல்லாம் நடந்துக்கிட்டே. நிஜ விதில முடி, டிரெஸ், பந்து எத தொட்டாலும் டச் தான். கிளாஸ்ல அத எடுத்துட்டேன், இல்லன்னா சடைய எட்டிப் பிடிப்பாங்க. தொட விருப்பமில்லாத பிள்ளை முதல் வாரம் ரெஃப்ரியா நிக்கட்டும், யாரும் காரணம் கேக்க வேண்டாம். வளையல், கொலுசு, வாட்ச், கொண்டை ஊசி எல்லாம் ஒரு டப்பால போட்டுட்டு தான் உள்ள வரணும், நகம் பாத்து வெட்ட அனுப்புவேன். துப்பட்டா வேண்டவே வேண்டாம்.

சில பேர் இடுப்புல துணி சொருகி பிடுங்க வைக்கலாம்னு சொல்லுவாங்க. நானும் செஞ்சேன், அதுல கை இடுப்புக்கு தான் போகுது, அம்மாமாருக்கு அது இன்னும் தான் கோவம் வந்துச்சு.

யாழ்_மாஸ்டர்

நான் கொழும்பில படிப்பிக்கிறன். இஞ்ச றக்பி எண்டா பெரிய பைத்தியம், பிராட்பி கேடயப் போட்டி 1945 தொடக்கம் நடக்குது. எண்டாலும் கலப்பு வகுப்புக்கு நாங்களும் ரச் தான் குடுக்கிறது.

மோதுப்படுறதப் பற்றி ஒண்டு சொல்லுறன். எங்கட அனுபவத்தில நேருக்கு நேர் மோதுறது ரெண்டு பேருமே கடைசி ரெண்டு எட்டில வேகத்தக் குறைக்காததால தான். தடுக்கிற பிள்ளை கடைசி ரெண்டு எட்டயும் சின்னதா வைச்சு, எதிரில வாற ஆளின்ர ஒரு பக்கத் தோளுக்கு விலகிப் போய்த் தொட வேணும், நெஞ்சுக்கு நேர நிக்கப்படாது. பந்தோட ஓடுற பிள்ளையும் நிக்கிற ஆளில போய் மோதினா அவருக்குத் தான் தண்டனை, பந்து மற்றப் பக்கத்துக்கு. இந்த ரெண்டாவதச் சொல்லாட்டி பலமான பெடியள் எல்லாம் வேணுமெண்டே இடிச்சுக்கொண்டு போவினம்.

தொட்டா பந்து வைச்சிருக்கிறவர் தொட்ட இடத்துக்குத் திரும்பி வந்து காலுக்கிடையால பந்தப் பின்னுக்கு உருட்டி விடோணும், தடுக்கிறவை பின்னுக்குப் போகோணும். வளந்தவைக்கு 7 மீட்டர், எங்கட சின்னக் கட்டத்தில 3 பெரிய எட்டு காணும். ஆனா பின்பக்கமாவே ஓடிப் போனா குதிக்கால் தடக்கி விழுந்து தலையின்ர பின்பக்கம் அடிபடும், அதால திரும்பி ஓடிட்டுப் பிறகு திரும்பி நில்லுங்கோ எண்டு சொல்லுவன். தரை இறுக்கமெண்டா இது முக்கியம்.

கபடிகாளை

"ரச்" 😂 ரெண்டு நிமிஷம் யோசிச்சேன் சார் என்னன்னு. ஆனா பாயின்ட் சரி, எங்க பசங்களுக்கு தொட்டதும் பிடிச்சு இழுக்கற கை தான் வருது, கபடி கை.

யாழ்_மாஸ்டர்

நீங்க "டச்" எண்டு எழுதிறதப் பாத்து நான் ஒல்லாந்தரோ எண்டு யோசிச்சனான், சரிக்குச் சரி 🙂 கபடிப் பிள்ளையளுக்கு ஒரு வழி இருக்கு. தொட்ட உடன ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி "ரச்" எண்டு கத்தோணும். கை மேல போனா பிடிக்க ஏலாது.

கிரவுண்ட்_சார்

இது அருமை, நாளைக்கே. அடுத்தது இடம் பாக்கற விஷயம். என் கிரவுண்ட்ல கோ-கோ கோர்ட் ஒண்ணு தான் போட்டிருக்கு, 44 பேரையும் எப்படி பிரிக்கறது?

தென்னமரத்தடி

கோ-கோ கோர்ட் 27க்கு 16 மீட்டர், நாலுக்கு நாலு ஆட அது அளவெடுத்த மாதிரி. அதே மாதிரி இன்னும் மூணு கட்டம் சுண்ணாம்பு போடுங்க, கொஞ்சம் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல 4 மீட்டராவது விடுங்க, கோடு தாண்டி சுவர் இருக்கற பக்கம் ஆடவே ஆடாதீங்க, முழு வேகத்துல கோட்ட கடக்கற பிள்ளை நிக்க இடம் வேணும். கட்டத்துக்கு 11 பேர், 6 பசங்க 5 பொண்ணுங்க, உங்க கணக்கு சரியா வந்துடும். 8 பேர் ஆட்டம், மூணு பேர் வெளில: ஒருத்தர் ரெஃப்ரி, ஒருத்தர் டச் எண்ணறது, ஆறு டச் ஆனா பந்து அடுத்த டீமுக்கு, மூணாவது ஆள் வேலை கூட்டம் பாக்கறது. ஒரே டீம்ல ரெண்டு பேர் கை நீட்டினா தொடற தூரத்துக்கு வந்துட்டா "கூட்டம்!"னு கத்தணும். மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. 44 பேர வச்சு ஒரே ஆட்டம் ஆடினா ஒரு பிள்ளைக்கு பந்து எத்தன தடவ கைல வரும்னு எண்ணிப் பாருங்க, ஈ மொய்க்காம என்ன பண்ணும்?

அப்புறம் ஒரு சின்ன வித்தை. ஆட்டம் நடக்கும்போது நடுவுல விசில், எல்லாரும் அப்படியே சிலை. பந்து வச்சிருக்கற பிள்ளை கண்ண மூடிக்கிட்டு எந்தப் பக்கம் காலி இடம்னு கை காட்டணும். முதல் தடவ பெரும்பாலும் தப்பா காட்டுவாங்க, கண்ணத் திறந்து பாத்து அவங்களே சிரிச்சுடுவாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு, கிளாஸ்ல வாயே திறக்காது, மூணு தடவையும் சரியா காட்டுச்சு. எப்படின்னு கேட்டேன், "பந்து வர்றதுக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கிட்டேன் சார்"னு சொல்லுச்சு. அத விட நல்லா எனக்கே சொல்லத் தெரியல.

கிரவுண்ட்_சார்

சூப்பர் சார். பசங்க பொண்ணுங்களுக்கு பாஸே பண்ண மாட்டேங்கறாங்க, பொண்ணு எதிர் டீம் கோட்டுல பந்த வச்சு ட்ரை போட்டா ரெண்டு பாயின்ட்னு வச்சா?

ஜெயந்தி_பிடி

வேண்டவே வேண்டாம். நானும் வச்சேன். என்ன நடந்துச்சு தெரியுமா, கோட்டுக்கு பக்கத்துல ஒரு பொண்ண தூணு மாதிரி நிக்க வச்சுட்டு பசங்க மூணு பேரும் ஆடினாங்க, கடைசி பாஸ் மட்டும் அவளுக்கு. பாயின்ட் ரெண்டு, ஆனா அந்தப் பிள்ள ஓடவே இல்ல.

யாழ்_மாஸ்டர்

எனக்கு அப்பிடி நடக்கேல்ல, தொடக்கத்தில ரெண்டு புள்ளி குடுத்ததால தான் பெடியள் பாஸ் பண்ணவே வெளிக்கிட்டவை. பிறகு நாலாவது பாடவேளையில அத எடுத்திட்டன்.

ஜெயந்தி_பிடி

உங்களுக்கு வந்திருக்கலாம் மாஸ்டர், எனக்கு வரல. நான் இப்ப ஒருத்தர் ட்ரை போட்டா டீம்ல மீதி மூணு பேரும் போடற வரைக்கும் அவங்களால மறுபடி போட முடியாதுன்னு வச்சிருக்கேன். பையன் பொண்ணுன்னு பேச்சே வரல.

கிரவுண்ட்_சார்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். ஜெயந்தி மேடம் சொன்ன மாதிரி முதல்ல தொடற இடம் பழக்கினேன், அந்த அம்மாவையும் கூப்பிட்டு கிரவுண்ட் ஓரத்துல சேர் போட்டு பாக்க வச்சேன், அரை மணி நேரம் இருந்துட்டு "இவ்வளவுதானா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. கை தூக்கறது செம, இழுக்கறது நின்னு போச்சு. வாங்கறவன் தப்புன்னு மாத்தினதும் நேத்து ஒரு ஆட்டத்துல நானே எண்ணினேன், முன்னாடி பாஸ் மூணே மூணு. கோட்டுல பந்த வைக்கறப்ப ஒரு பையன் டைவ் அடிச்சு முழங்கால் தேஞ்சுடுச்சு, இனிமே டைவ் அடிச்சா ட்ரை செல்லாது, நின்னு குனிஞ்சு வச்சா போதும்னு சொல்லிட்டேன். ஷூ போட்டவனும் வெறுங்காலும் கலந்து ஆடறதையும் நிறுத்தினேன், விரல மிதிச்சுடறாங்க.

ஒண்ணு மட்டும் தீரல. தொட்டாங்களா இல்லையான்னு சண்டை. தொட்டவன் தொட்டேங்கறான், ஓடினவன் படவே இல்லங்கறான், ரெஃப்ரி பிள்ளை ரெண்டு பேர் மூஞ்சையும் மாறி மாறிப் பாக்குது.

தென்னமரத்தடி

சந்தேகம்னா டச் தான்னு வச்சிருங்க, ஆட்டம் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஜெயந்தி_பிடி

நான் மாத்தி, தொடப்பட்ட பிள்ள சொல்றது தான் முடிவு. முதல் வாரம் பொய் சொல்லுவாங்க, அப்புறம் கூட ஆடறவங்களே விட மாட்டாங்க.

கபடிகாளை

மேடம் எங்க பசங்க பத்தாவது வாரமும் பொய் சொல்லுவாங்க 😂 சார், அந்த படிக்கட்டு நடைக்கு த்ரோபால் பந்து ஓகேன்னு சொன்னீங்கல்ல, வாலிபால் பந்து ஆகுமா? எங்ககிட்ட அது தான் இருக்கு. திங்கக்கிழமை 8சிக்கு ஆரம்பிக்கறேன்.